டாபிக் சென்டென்ஸ்: தலைப்பு வாக்கியமா, கருத்து வாக்கியமா?

ஆபீஸ்ல அறிக்கை எழுதுறவங்க, காலேஜ்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுறவங்க எல்லாருக்கும் இந்த டாபிக் சென்டென்ஸ்ங்கற வார்த்தை எங்கயாவது காதுல விழுந்திருக்கும். ஒரு பத்தில நாம சொல்ல வர்ற ஒரே ஒரு விஷயத்தை முழுசா சொல்லிடுற வாக்கியம் அது, பெரும்பாலும் பத்தியோட முதல் வாக்கியமா வரும், மீதி வாக்கியம் எல்லாம் அதுக்கு ஆதாரமா நிக்கும். தமிழ்ல இதை நிறைய பேர் "தலைப்பு வாக்கியம்"னு எழுதுறாங்க. எனக்கு அது சரியா படல, ஏன்னு சொல்றேன்.

டாபிக்ங்கறது கிரேக்கத்துல டோபோஸ்ங்கற சொல்லுல இருந்து வந்தது, டோபோஸ்னா இடம். ஒரு வாதத்துக்கு வேண்டிய கருத்தை எந்தெந்த இடத்துல போய் தேடணும்னு அரிஸ்டாட்டில் எழுதின நூலுக்கு டோபிகான்னே பேரு, பின்னாடி அந்த சொல் பேசுபொருள்ங்கற அர்த்தத்துக்கு நகர்ந்துடுச்சு. ஆனா இங்க முக்கியமான பாதி சென்டென்ஸ்தான். அது லத்தீன் சென்டென்ஷியா, அதுக்கு கருத்து, அபிப்பிராயம், தீர்ப்புன்னு அர்த்தம், கோர்ட்ல தண்டனை சொல்றதுக்கும் ஆங்கிலத்துல இதே சொல்தான் இருக்கு. ஆக சொல்லுக்குள்ளயே ரெண்டு விஷயம் இருக்கு, எதைப் பத்தி பேசுறோம்ங்கறது ஒண்ணு, அதைப் பத்தி என்ன தீர்மானிச்சோம்ங்கறது இன்னொண்ணு. "தலைப்பு வாக்கியம்"னு சொன்னா இந்த ரெண்டாவது பாதி விழுந்துடுது, அதனாலதான் "இப்பத்தியில் தண்ணீர் வசதி குறித்துக் காண்போம்"னு எழுதிட்டு டாபிக் சென்டென்ஸ் எழுதியாச்சுன்னு நினைச்சுக்கறாங்க.

இந்த வழக்கத்தை பாடமா வச்சதுல முக்கியமானவர் அலெக்சாண்டர் பெய்ன், ஸ்காட்லாந்துல அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1866ல வந்த தன்னோட பாடநூல்ல பத்திக்குன்னு விதிகள் வகுத்தார், அதுல ஒண்ணு, பத்தியோட முதல் வாக்கியம் அந்தப் பத்தி எதைப் பத்தினதுன்னு எடுப்பா காட்டணும், அது வெறும் முன்னேற்பாட்டு வாக்கியமா இருந்தா மட்டும் விலக்கு.

நம்மகிட்ட இதுக்கு சொல் இல்லன்னு யாரும் நினைக்க வேணாம். நன்னூல் சொல்ற 32 உத்திகள்ல முதல் உத்தியே நுதலிப் புகுதல், சொல்லப் போறதை குறிச்சுக் காட்டிட்டு உள்ள நுழையறது. பழைய உரையாசிரியர்கள் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் உரை தொடங்கும்போது "என் நுதலிற்றோ எனின்"னு, அதாவது இது எதை சொல்ல வருதுன்னு, தானே கேள்வி கேட்டுட்டு, இன்னதை உணர்த்துதல் நுதலிற்றுன்னு ஒரே வரில பதில் சொல்லிட்டுத்தான் விளக்கத்துக்கே போவாங்க. இது எனக்கு ரொம்ப பிடிச்ச பழக்கம். அதே நன்னூல் உரைக்கு வேண்டிய 14 உறுப்பை வரிசையா சொல்றப்ப "பாடம் கருத்தே"ன்னுதான் ஆரம்பிக்குது, அதாவது மூலத்தை சொன்ன கையோட அதோட கருத்தை சொல்லிடணும். அதனால என் ஓட்டு கருத்து வாக்கியம்ங்கற சொல்லுக்கு. நுதல் வாக்கியம்னும் சொல்லலாம், அழகாத்தான் இருக்கு, ஆனா இன்னைக்கு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட சொன்னா புரியாது, கருத்து வாக்கியம்னா யாருக்கும் விளங்கும், அந்த தீர்மானிச்ச பாதியும் அதுல இருக்கு.

இனி எழுதறதுக்கு வருவோம். ஒரு மாணவியர் விடுதியை ஆய்வு பண்ணிட்டு அறிக்கை எழுதறோம்னு வச்சுக்குவோம், ஒரு பத்தி இப்படி வருது:

"விடுதியில் 120 மாணவிகள் தங்கியுள்ளனர். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு 5,000 லிட்டர். மோட்டார் காலை 6 மணிக்கு இயக்கப்படுகிறது. தொட்டி கடைசியாக மார்ச் மாதம் சுத்தம் செய்யப்பட்டது. மோட்டார் இயக்குபவர் பணியிடம் காலியாக உள்ளது. காலை 7.30 மணிக்கு மேல் குழாய்களில் தண்ணீர் வருவதில்லை. மாணவிகள் தரைத்தளத் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துச் செல்கின்றனர்."

இதுல ஒரு வரி கூட தப்பில்ல, எல்லாம் நேர்ல பாத்ததுதான். ஆனா படிக்கிற அதிகாரிக்கு என்ன பண்ணணும்னு தெரியாது, பெரிய தொட்டி கட்டணுமா, போர் போடணுமா, சுத்தம் பண்ணணுமா? நோட்டுல குறிச்ச வரிசைலயே அறிக்கைலயும் எழுதினா இப்படித்தான் ஆகும். இப்ப பேனாவை கீழ வச்சுட்டு "என் நுதலிற்றோ"ன்னு கேட்டுப் பாருங்க. தரைத்தளத் தொட்டில தண்ணி இருக்கு, அதைத்தானே வாளில தூக்கிட்டு போறாங்க, அப்ப தண்ணி பஞ்சம் இல்ல. மேல ஏறுறது ஒரு தடவை 5,000 லிட்டர், 120 பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 42 லிட்டர் கூட வராது, குளிச்சு துணி அலசினா காலி. திரும்ப ஏத்த ஆள் இல்ல. இதை ஒரு வாக்கியமா எழுதினா:

"மோட்டார் இயக்குபவர் இல்லாததால் நாளுக்கு ஒருமுறை மட்டுமே தண்ணீர் ஏற்றப்படுகிறது, அது காலை 7.30 மணிக்குள் தீர்ந்துவிடுகிறது."

அவ்வளவுதான், கருத்து வாக்கியம் கிடைச்சாச்சு. இதுக்கு கீழ கொள்ளளவு, மாணவிகள் எண்ணிக்கை, மோட்டார் போடற நேரம், வாளி தூக்கறது எல்லாம் அந்த வரிசைல வந்து உக்காரும். மார்ச்ல தொட்டி கழுவினது மட்டும் ஒட்டாம வெளிய நிக்கும், அது சுகாதாரம் பத்தின பத்திக்கு போகணும். நான் இதுல கவனிச்சது, கருத்து வாக்கியம் எழுத உக்காந்தாதான் நாம பார்த்ததுக்குள்ள காரணம் எதுன்னு நமக்கே பிடிபடுது, காலிப் பணியிடம்ங்கற அந்த வரி முதல் பத்தில சும்மா ஒரு தகவலா நடுவுல கிடந்துச்சு பாருங்க.

எழுதின வாக்கியம் சரியான்னு பாக்க நான் பண்றது, எதிர்ல ஒருத்தர் உக்காந்து "எப்படி சொல்றீங்க?"ன்னு கேக்கற மாதிரி வச்சுப்பேன். "தொட்டியின் கொள்ளளவு 5,000 லிட்டர்"னு ஆரம்பிச்சா அளந்து பாத்தோம்னு சொல்லலாம், அதுக்கு மேல பத்திக்கு வேலையே இல்ல, ரொம்ப குறுகல். "விடுதியில் பல குறைபாடுகள் உள்ளன"ன்னு ஆரம்பிச்சா பதில் சொல்ல மொத்த அறிக்கையும் வேணும், அது பத்தி தாங்காது. "தண்ணீரும் போதவில்லை, சமையலறையும் சுத்தமாக இல்லை"ன்னா அது ரெண்டு பத்தி, அந்த உம் ரெண்டும் வந்தாலே நான் ஒரு தடவை நின்னு பாத்துப்பேன், அதே மாதிரி பத்தி நடுவுல "மேலும்" வந்தாலும்.

தமிழ்ல தனியா ஒரு சிக்கல் இருக்கு. நமக்கு வினைமுற்று கடைசில வரும், அதனால "ஆய்வின்போது பார்வையிட்டு, பதிவேடுகளைச் சரிபார்த்து, மாணவிகளிடம் விசாரித்ததில்"னு எச்சமா அடுக்கிட்டே போனா கருத்து நாலாவது வரி கடைசில போய் ஒளிஞ்சுக்கும், வாக்கியம் முதல்ல இருந்தும் பிரயோஜனம் இல்ல. எப்படி கண்டுபிடிச்சோம்ங்கறது ரெண்டாவது வாக்கியத்துக்கு போகட்டும், முதல் வாக்கியத்துல ஒரு காரணம், ஒரு விளைவு போதும். "கண்டறியப்பட்டுள்ளது"ன்னு வால் ஒட்டறதையும் நான் வெட்டிடுவேன், அறிக்கைல இருக்கறது எல்லாமே கண்டறிஞ்சதுதானே.

எல்லா எழுத்துக்கும் இது பொருந்தாது. 1974ல ரிச்சர்ட் பிராடக்னு ஒரு அமெரிக்கர் பத்திரிகைக் கட்டுரைகளை எடுத்து பாத்தப்ப, சுமார் 13 சதவீதம் பத்திதான் கருத்து வாக்கியத்தோட ஆரம்பிச்சுதாம். கட்டுரையை ரசிச்சு முழுசா படிப்பாங்க, அங்க கருத்தை மெதுவா அவிழ்க்கலாம். அறிக்கையை அப்படி படிக்க மாட்டாங்க, ஒவ்வொரு பத்தியோட முதல் வரியை மட்டும் பாத்துட்டு கையெழுத்துக்கு போறவங்க இருக்காங்க, அதனால அனுப்பறதுக்கு முன்னாடி நானும் முதல் வரிகளை மட்டும் தனியா ஒரு தாள்ல எடுத்து எழுதிப் பாப்பேன், விடுதில என்ன பிரச்சனை, எதனால, யார் எதை செய்யணும்னு அந்த ஒரு தாள்லயே தெரிஞ்சா அனுப்பிடுவேன், எங்க அறுந்து போகுதோ அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எடுப்பேன்.