நான்கு மணி நேரக் குழுவின் கடிகாரம்

மாரத்தானில் கையில் "4:00" என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டக்காரர்கள் அவரைப் பேசர் என்பார்கள். அவர் பின்னாலேயே ஓடினால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்பது நம்பிக்கை. ஒரே வேகத்தில் ஓடுவதுதான் அவர் வேலை என்று தோன்றும். நியூயார்க் மாரத்தான் போல ஏற்ற இறக்கமுள்ள பாதையில் அப்படி ஓடினால் குழு பாதியிலேயே கலைந்துவிடும். ஒரே அளவு உழைப்பில் ஓடிக்கொண்டே மொத்த நேரத்தையும் சரிக்கட்டுவதுதான் அவர் செய்யவேண்டியது.

முதலில் கணக்கு. 26.2 மைலை 4 மணி நேரத்தில் முடிக்க மைலுக்கு 9 நிமிடம் 9 வினாடி ஆகும். ஆனால் கைக்கடிகாரத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஓடினால் நேரம் தவறிவிடும். பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உட்புறத்தை ஒட்டி, மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். கூட்டத்துக்குள் விலகி விலகி ஓடுபவர் அதைவிட அதிகமாகவே ஓடுவார்; கடிகாரம் 26.4 மைல் வரை காட்டுவது சகஜம். தண்ணீர் மேசைகளில் 75 வினாடி போகும், எல்லைக்கோட்டில் 30 வினாடி கையிருப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சேர்த்தால், ஓடும்போது கடிகாரம் காட்டவேண்டியது ஏறக்குறைய 9:01. அதனால்தான் நல்ல பேசர் கடிகாரத்தின் தூரத்தை நம்பாமல், சாலையோர மைல் பலகையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தானே பொத்தானை அழுத்துகிறார்.

நியூயார்க்கில் முதல் மைலே ஏற்றம். ஸ்டேட்டன் தீவிலிருந்து வெரசானோ பாலத்தில் ஏறவேண்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் 3 மீட்டர் உயர்ந்தால், ஒவ்வொரு மீட்டருக்கும் உடல் செலவிடும் ஆற்றல் சமதளத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் கூடுகிறது. அதே சரிவில் இறங்கும்போது 15 சதவீதம் குறைகிறது. வரவும் செலவும் சரியாகிவிடும் போலத் தெரிந்தாலும், இறக்கத்தில் கிடைக்கும் லாபத்தை முழுதாக எடுக்க முடியாது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்துப் பிடிக்கிறது. வேகமாக இறங்கினால் அந்தத் தசையிழைகள் சேதமாகும். அதன் வலி கடைசி மைல்களில்தான் தெரியவரும்.

ஆகவே பாலத்தில் ஏறும் மைலை 10 நிமிடத்திலும், இறங்கும் மைலை 8:35-லும் ஓடலாம். இரண்டு மைல் முடிவில் 18:35. சமவேகக் கணக்கைவிட 17 வினாடி பின்தங்கல். குழுவில் பலர் இங்கேதான் பதறுவார்கள். பேசர் உடனே கணக்கைச் சொல்லிவிடவேண்டும்: பாலம் தாண்டி வரும் புரூக்ளினின் தட்டையான சாலையில் மைலுக்கு 2 வினாடி வீதம் மீட்டால் பத்தாவது மைல் வாக்கில் இது ஈடாகிவிடும்.

தண்ணீர் மேசைதான் குழுவை அதிகம் சிதறடிக்கும் இடம். 200 மீட்டர் முன்பே பேசர் குரல் கொடுப்பார்: "தண்ணீர் வருது. முதல் மேசையை விட்டுடுங்க, கடைசி மேசையில எடுங்க." முதல் மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள், இடிபடுவார்கள். குவளையின் வாயை அழுத்திக் குவித்துப் பிடித்தால் சிந்தாமல் குடிக்கலாம். 15 வினாடி நடந்து குடித்தால் இழப்பது 6 வினாடி மட்டுமே. தவறு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அந்த 6 வினாடியை அடுத்த 200 மீட்டரிலேயே பிடிக்க நினைத்தால், 68 வினாடியில் ஓடும் தூரத்தை 62-ல் ஓடவேண்டும். பன்னிரண்டு முறை இப்படிப் பாய்ந்தால் கால் தீர்ந்துபோகும். இழப்பைத்தான் வேகத்தில் முன்கூட்டியே சேர்த்தாயிற்றே! எனவே மேசை முடிந்ததும் பேசர் பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் சற்று மெதுவாகவே போவார். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் பழைய வேகம்.

பதினைந்தாவது மைலையொட்டி வருவது குயின்ஸ்பரோ பாலம். ஓட்டம் கீழ்த்தளத்தில் நடப்பதால் ஜிபிஎஸ் உளறும். இங்கே மூச்சுதான் அளவுகோல். பக்கத்தில் ஓடுபவர் ஒரு சின்ன வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்றால் குழு அதிக வேகத்தில் ஏறுகிறது என்று பொருள். பாலம் இறங்கி முதல் அவென்யூவில் திரும்பியதும் பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கும். உற்சாகத்தில் மைலுக்கு 20, 30 வினாடி வேகமாக ஓடிவிடுவது மிக எளிது. பேசரின் உண்மையான திறமை தெரிவது இந்த இடத்தில்தான் என்பேன்: யார் முந்திப் போனாலும் அவர் வேகம் மாறக்கூடாது.

கடைசிச் சோதனை, இருபத்து மூன்றாவது மைல் வாக்கில் ஐந்தாவது அவென்யூவின் நீண்ட, மெல்லிய ஏற்றம். பார்த்தால் தெரியாது, கால் சொல்லும். மைலுக்கு 10 வினாடி விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் பின்தங்குபவருக்காகக் காத்திருக்க முடியாது. சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்ததும், கால் இன்னும் தெம்பாக இருப்பவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பேசர் தன் கணக்கிலேயே தொடரவேண்டும். அவர் 3:56-ல் போய்ச் சேர்ந்தால், 3:59-க்கு மட்டுமே தெம்பிருந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டார் என்று பொருள்.