சோற்று உருண்டைக்கும் இறங்காத மீன் முள்

தொண்டையில் முள் சிக்கியதும் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். வெறும் சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் முழுங்கு. அதற்கும் இறங்கவில்லையா, வாழைப்பழம். டான்சிலில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொடிமுள் இதில் சில நேரம் இறங்கிவிடுவது உண்மைதான். சதையில் குத்தி நிற்கும் முள்ளின் கதை வேறு. மேலிருந்து வரும் உருண்டை அதை இன்னும் ஆழமாக அழுத்தும், அல்லது பாதியில் ஒடித்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் எளிதாக எடுத்திருக்கலாம். உள்ளே புதைந்துவிட்டால் தேடுவதே பெரும்பாடு. வினிகரும் எலுமிச்சைச் சாறும் முள்ளைக் கரைக்கும் என்பார்கள். முள் மென்மையாக வேண்டுமென்றால் அதில் பல மணி நேரம் ஊற வேண்டும், நாம் குடிப்பதோ நொடியில் கடந்துபோகிறது.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்திருந்தார். முந்தின நாள் இரவு கட்லா குழம்பு. கட்லா, ரோகு, கெண்டை வகைகளில் நடுமுள் தவிர சதைக்குள்ளேயே கவட்டை போன்ற சிறு முட்கள் நிறைய உண்டு. அவர் மேல்தாடைக்கு பல்செட் போட்டிருந்தார். அண்ணத்தை பல்செட் மூடியிருப்பதால் முள் நாக்கில் தட்டுப்பட்டாலும் அண்ணத்தில் உறுத்தாது, அப்படியே உள்ளே போய்விடும். இரவில் சோற்று உருண்டை, காலையில் வாழைப்பழம், எல்லாம் ஆகிவிட்டது. வலி கூடியதே தவிர குறையவில்லை.

இப்படி வருபவர்களிடம் முதலில், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்வேன். தாடைக்குக் கீழே ஒரு பக்கமாகத் தெளிவாகக் காட்டினால் முள் பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ இருக்கும். நாக்கை அழுத்தி வெளிச்சம் அடித்துப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும். மரத்துப்போகும் மருந்தை ஸ்ப்ரே செய்து, அங்கேயே இடுக்கியால் எடுத்துவிடலாம். இந்த அம்மா காட்டியதோ குரல்வளை மேட்டுக்குக் கீழே, கழுத்தின் அடிப்பகுதியை. வாய் வழியாகப் பார்த்ததில் ஒன்றுமில்லை. மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டபோதும் முள் கண்ணில் படவில்லை. ஆனால் உணவுக்குழாயின் வாசலுக்குச் சற்று மேலே, வலது பக்கம் எச்சில் குளமாகத் தேங்கி நின்றது. எச்சில் சரியாக இறங்கவில்லை என்றால் அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. இதைக் கேட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் நிறைய. மெல்லிய மீன் முள் எக்ஸ்ரேயில் பல நேரம் விழாது. வயதானவர்களுக்கு குரல்வளைக் குருத்தெலும்பிலேயே சுண்ணாம்பு படிந்து, அதுவே முள் மாதிரி தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு. அதனால் வலி தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன்தான் நம்பகமானது. அதில்தான் முள் தெரிந்தது. சுமார் 2 சென்டிமீட்டர் நீளம், உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் குறுக்கே கிடந்தது, ஒரு முனை சுவரில் குத்தியிருந்தது.

இந்த இடத்தில் முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். காலையில் சாப்பிட்ட வாழைப்பழத்தால், மயக்கம் கொடுக்க 6 மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. முள்ளோடு வருபவர்கள் வெறும் வயிற்றில் வந்தால் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். வாய் வழியாக உலோகக் குழாயை மெல்ல இறக்கி முள்ளைப் பார்த்தோம். குறுக்கே கிடப்பதை அப்படியே இழுத்தால் சுவர் கிழிந்துவிடும். முதலில் குத்தியிருந்த முனையை விடுவித்து, முள்ளை நெடுக்காகத் திருப்பி, நுனியைக் குழாய்க்குள் கொண்டுவந்த பிறகே வெளியே எடுத்தோம். பிறகு மறுபடி உள்ளே பார்த்து, கிழிசல் எதுவும் இல்லை என்று உறுதி செய்தோம். அன்று இரவு வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. காய்ச்சலோ நெஞ்சு வலியோ வராததால் மறுநாள் தண்ணீர், அப்புறம் கஞ்சி.

இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்த இடத்தில் சீழ் பிடித்து, கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் பரவியிருக்கக் கூடும். எச்சில்கூட விழுங்க முடியாமல் வடிவது, காய்ச்சல், கழுத்து வீங்குவது அல்லது திருப்ப முடியாமல் போவது, நெஞ்சு வலி, ரத்த வாந்தி, மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, இரவானாலும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மற்றபடி வலி இருந்தால் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

முள் இறங்கிப் போன பிறகும் அது கீறிய இடம் ஓரிரு நாள் உறுத்தும். அது நேரம் ஆக ஆகக் குறையும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அதே இடத்தில் சுருக்கென்று குத்தினால் முள் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வாருங்கள். எந்த மீன், எப்போது சாப்பிட்டீர்கள், கடைசியாக வயிற்றுக்குள் என்ன போனது, இந்த மூன்றையும் சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.