நோர்மலைசேஷன்: இயல்பாக்கமும் அன்று, தரப்படுத்தலும் அன்று

போன மாதம் கொழும்பில் மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒரு செயலமர்வில் இருந்தேன். திரையில் ஒரே மாதிரித் தெரியும் எழுத்தைக் கணினிக்குள் வெவ்வேறு குறிவரிசைகளில் எழுதலாம், அவற்றை ஒரே வரிசைக்குக் கொண்டுவருவதே யுனிகோட் நோர்மலைசேஷன். அதைப் பற்றிய ஒரு மணித்தியாலத்தில் 'இயல்பாக்கம்' என்ற சொல் குறைந்தது இருபது தடவை வந்திருக்கும். இடையிடையே 'தரப்படுத்தல்' என்றும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த இளம் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "அக்கா, நான் இயல்பாத்தானே அடிச்சனான். இதில எதை இயல்பாக்கச் சொல்லுகினம்?" அந்தக் கேள்வி நியாயமானது. பிழை அவரிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது.

முதலில் வேர். லத்தீனில் நோர்மா என்பது தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டம். மூலைமட்டத்துக்குப் பொருந்துவது நோர்மல். கேத்திரகணிதத்தில் ஒரு தளத்துக்குச் செங்குத்தான கோட்டை நோர்மல் என்பது இதனால்தான். நம் பாடநூல்கள் அதைச் 'செவ்வன்' என்று அழகாக எழுதின. 'வழமையான', 'சாதாரணமான' என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆக, சொல்லின் அடியில் இருப்பது இயற்கை அன்று. வெளியே வைத்த ஓர் அளவுக்கு ஒன்றைப் பொருத்துவது.

'இயல்பாக்கம்' இந்த இடத்தில்தான் தடம் புரள்கிறது. தமிழ் இலக்கணத்தில் இயல்பு என்றால் என்ன என்று சாதாரண தரம் படித்தவருக்கே தெரியும். நன்னூல் புணர்ச்சியை இயல்பு, விகாரம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. சொற்கள் சேரும்போது எதுவும் மாறாவிட்டால் இயல்பு. தோன்றல், திரிதல், கெடுதல் நடந்தால் விகாரம். நோர்மலைசேஷனில் நடப்பது என்ன? இரண்டு குறிகள் போய் ஒன்று வருகிறது. நன்னூலின் கண்ணால் பார்த்தால் அது சுத்தமான விகாரம். மாற்றமே இல்லாததற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயரை, மாற்றுவதையே வேலையாகக் கொண்ட ஒன்றுக்குச் சூட்டியிருக்கிறோம். இரு நாடுகளின் உறவை இயல்புக்குக் கொண்டுவருவதற்கு அந்தச் சொல் பொருந்தும், அங்கே அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் எழுத்துக் குறிகளில் 'இயல்பான' வரிசை என்று இயற்கை எதையும் தரவில்லை. ஒரு நியமக் குழு உட்கார்ந்து, இரண்டும் சரிதான், ஆனால் ஒப்பிடும்போது இதை வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தது, அவ்வளவுதான்.

'தரப்படுத்தல்' இதைவிட மோசம். பொருளளவில் அது வேறொரு செயல்: ஒரு நியமத்தை உருவாக்குவது அல்லது தரம் பிரிப்பது. அதற்கு மேலாக, 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைத் தரப்படுத்தியதை நேரடியாக அனுபவித்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் அந்தச் சொல் அந்த வரலாற்றின் பெயர். "உங்கட தமிழைத் தரப்படுத்தி அனுப்புங்கோ" என்று ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர், அவர் எழுதிய தமிழே தரம் குறைந்தது என்று சொல்கிறார். அப்படி ஒன்றும் இல்லை. அவர் எழுதியது திரையில் ஒரு மயிரிழை பிசகாமல் சரியாகவே இருக்கிறது.

அதுதான் இந்த விஷயத்தின் சாரம்: கண்ணுக்குத் தெரியாது. 'கொள்வனவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோட்டில் 'ொ' என்ற குறிக்குத் தனி இலக்கம் உண்டு, U+0BCA. அதையே 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம், U+0BC6 U+0BBE. முதல் வழியில் கொள்வனவு எட்டுக் குறிகள், இரண்டாம் வழியில் ஒன்பது.

```
0B95 0BCA 0BB3 0BCD 0BB5 0BA9 0BB5 0BC1
0B95 0BC6 0BBE 0BB3 0BCD 0BB5 0BA9 0BB5 0BC1
```

திரையில் இரண்டும் ஒன்றே. குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் தேடலுக்கு இவை இரண்டாம் இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன. தமிழில் இப்படி இரட்டை வழி உள்ளவை நாலே நாலு: ொ, ோ, ௌ, ஔ. NFC என்ற வடிவம் நாலையும் சேர்த்து ஒற்றைக் குறியாக்கும், NFD பிரித்து வைக்கும்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது என்பது இலங்கையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கொழும்பு என்பது `nfhOk;G`. முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு என்று கண் பார்க்கும் ஒழுங்கில் அடிக்கிறோம். இதை யுனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் நகர்த்துகின்றன. சில அதோடு நின்றுவிடுகின்றன. கொம்பும் அரவும் இரண்டு குறிகளாகவே மிஞ்சுகின்றன. நம் பழைய கேள்விப்பத்திரங்களிலும் சுற்றறிக்கைகளிலும் பெரும்பகுதி பாமினியில் பிறந்தது. அவற்றை மாற்றி, பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமித்துத் திரும்ப எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவகத்தில் ஏற்றியவர்கள் இந்த வடிவத்தையும் சேர்த்தே ஏற்றிவிட்டார்கள்.

என் கையில் வந்த ஒரு வேலையில் இது இரண்டு முனையில் வெட்டியது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்தபோது, வாடிக்கையாளர் தந்த சொற்றொகுதியில் 'கொள்வனவுக் குழு' பிரிந்த வடிவில் இருந்தது. நாங்கள் விசைப்பலகையில் அடித்தது ஒற்றை வடிவம். "சொற்றொகுதிச் சொல் பயன்படுத்தப்படவில்லை" என்று மொழிபெயர்ப்புக் கருவி வசனத்துக்கு வசனம் எச்சரித்தது. அந்தச் சொல் கண்முன்னே இருந்தது. அலுத்துப்போன ஒருவர் எச்சரிக்கையையே அணைத்துவிட்டார், அதோடு உண்மையான பிழைகளும் பிடிபடாமல் போயின. பிறகு அதே நினைவகத்தைத் திருப்பித் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் பயன்படுத்தினோம். ஏழு சொல் வசனத்தில் ஒரு சொல் இப்படி மாறினால், சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கருவிக்கு ஆறு சொற்கள்தான் பொருந்தும். நூறு வீதமாக வரவேண்டிய பொருத்தம் எண்பத்தாறுக்கு இறங்கும். நூறு வீதத்துக்கும் எண்பத்தாறு வீதத்துக்கும் கூலி வேறு, நேரம் வேறு.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சொல்லை ஒட்டி, 'கொ'வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழியுங்கள். பெரும்பாலான தொகுப்பிகளில் ஒற்றை வடிவமானால் 'க' மிஞ்சும், பிரிந்த வடிவமானால் 'கெ' மிஞ்சும். திருத்துவது ஒரு வரி:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

இதைச் சொற்றொகுதி, நினைவகம், புதிதாக வரும் கோப்பு மூன்றுக்கும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் அதுவரை தற்செயலாகப் பொருந்தி வந்தவையும் பொருந்தாமல் போகும்.

இப்போது 'இயல்பாக்கம்' செய்யும் உண்மையான கெடுதலுக்கு வருகிறேன். அந்தப் பெயரைக் கேட்டவர்கள், அதைச் செய்துவிட்டால் தமிழ் முழுவதும் நேராகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. நம் மருந்துத் துறை ஆவணங்களில் அடிக்கடி வரும் 'ஔடதம்' என்ற சொல்லைப் பாருங்கள். பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிக்கிறார்கள், 'ஒளடதம்' ஆகிறது. 'பௌத்த' என்பது அதேபோல 'பெளத்த' ஆகிறது. சேர்த்து வைக்கவேண்டிய குறி U+0BD7, அதைப் போலத் தோன்றும் ளகரம் U+0BB3. யுனிகோட்டைப் பொறுத்தவரை இவை வெவ்வேறு எழுத்துகள். NFC அவற்றைத் தொடவே தொடாது. தொடவும் கூடாது, ஏனென்றால் அது எழுத்துப்பிழை.

அதற்காக 'ெள' வந்த இடமெல்லாம் 'ௌ' என்று மாற்றினால் முதலில் பலியாவது வெள்ளவத்தை. தெளிவும் வெள்ளமும் கூடவே போகும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாமல் நேரே இன்னொரு மெய்யெழுத்து வரும் இடங்களை மட்டும் பட்டியலெடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துவதே நான் செய்வது. பெளத்த, பெளர்ணமி, வெளவால் எல்லாம் அந்த வலையில் விழும், வெள்ளவத்தை தப்பும்.

'ஸ்ரீ' இன்னொரு வகை. அது பிழையும் அன்று. 2005 வரை அதை ஸகரத்தில் தொடங்கி எழுதுவதே வழி. அந்த ஆண்டு யுனிகோட் 4.1 இல் ஶ என்ற எழுத்து (U+0BB6) சேர்ந்தபின், ஶகரத்தில் தொடங்குவதே பொருத்தமானது என்றானது. இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன, பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே உருவில் தெரிகின்றன. இரண்டையும் சமமாகக் கொள்ளும்படி யுனிகோட் நூலே பரிந்துரைக்கிறது. ஆனால் நோர்மலைசேஷன் அட்டவணையில் அந்தச் சமன்பாடு இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை என்று நாட்டின் தலைநகரையே தேடிக் கிடைக்காமல் போவது இதனால்தான். NFC முடிந்தபின் ஒரு வடிவத்தை நாமே தேர்ந்து, எல்லாக் கோப்புகளிலும் தனியாக மாற்ற வேண்டும்.

அப்படியானால் என்ன சொல்வது? 'ஒருவடிவாக்கம்' என்று நானும் சில காலம் எழுதினேன், விட்டுவிட்டேன். வடிவம் என்றால் தமிழருக்குக் கண்ணில் படும் உருவம், இங்கே உருவம் ஏற்கெனவே ஒன்றுதான். 'ஒருநிரலாக்கம்' வரிசை என்ற பொருளைச் சரியாகத் தரும், ஆனால் நிரல் என்றதும் நம் மாணவர்களுக்குக் கணினிச் செய்நிரல்தான் நினைவுக்கு வரும். 'சீராக்கம்' எழுத்துச் சீர்திருத்தத்தோடு குழம்பும். 'நியமமாக்கல்' பொருளில் மிக அருகில் வருகிறது. நியம விலகல் படித்தவர்களுக்கு விளங்கும், வடசொல் என்பதற்காக மட்டும் அதை நான் தள்ளமாட்டேன். ஆனால் எதை நியமமாக்குகிறோம் என்பதை அது சொல்லவில்லை. தமிழை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம், திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

நான் எழுதுவது 'குறியொருமைப்படுத்தல்'. குறிகள்தான் மாறுகின்றன, எழுத்து மாறவில்லை என்பது முதற்பாதியில் இருக்கிறது. சமமான பல வரிசைகளை ஒன்றுக்குக் கொண்டுவருகிறோம் என்பது இரண்டாம் பாதியில். சொல் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் 'குறியொருமை' என்றே சுருக்கிச் சொல்கிறோம்: "கோப்புக்குக் குறியொருமை செய்தாச்சா?" அந்த இளம் மொழிபெயர்ப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் அடுத்துக் கேட்டது, "அப்ப பெளத்தவைத் திருத்துறது இதில வராதே அக்கா?"

வராது. அது எழுத்துத் திருத்தம், அதற்குத் தனி வரிசை, தனி ஆள், தனிக் கூலி. எங்கள் வேலைப் பட்டியலில் இரண்டையும் இப்போது இரண்டு வரியாகவே எழுதுகிறோம்.