விமான நிலையச் சோதனையில் உங்கள் பை ஏன் ஒதுக்கப்படுகிறது?

இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்பு விதிகளை வகுப்பது பி.சி.ஏ.எஸ். என்னும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். சென்னை உள்ளிட்ட பெரும்பாலான விமான நிலையங்களில் அவற்றை நடைமுறைப்படுத்துவது மத்திய தொழிற்பாதுகாப்புப் படை. நுழைவாயிலில் டிக்கெட்டையும் அசல் அடையாள அட்டையையும் பார்ப்பவர்களும், உள்ளே உடலைத் தடவிச் சோதிப்பவர்களும் இந்தப் படையினர்தாம்.

வாசலில் பெரிய சிக்கல் எதுவும் வராது. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் பொருந்தினால் போதும். உள்நாட்டுப் பயணிகள் விரும்பினால் டிஜி யாத்ரா செயலியில் ஆதார் மூலம் பதிந்து, முகத்தைக் காட்டியே உள்ளே போகலாம். ஆனால் அது வரிசையைக் குறைக்குமே தவிர, சோதனையைத் தவிர்க்காது.

நேரம் உண்மையில் கரைவது எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்தான். திரையில் உணவு, துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், உலோகம் நீலத்திலும், இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சையிலும் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருள்கள் இருந்தால் படம் குழம்பிவிடும். லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்வது அதனால்தான்: அதன் பேட்டரியும் உலோகப் பகுதிகளும் அடியில் இருப்பதை மறைத்துவிடும். லேப்டாப், டேப்லெட், கைபேசி, பவர் பேங்க், சார்ஜர் ஆகியவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். பர்ஸ், சாவி, சில்லறை, பெல்ட், கைக்கடிகாரம், கோட் ஆகியவையும் தட்டுக்கே போக வேண்டும். காலணியைக் கழற்றுவது கேட்டால் மட்டும்.

ஒரு பையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து தில்லி செல்பவரின் கைப்பையில் லேப்டாப், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், அரைக் கிலோ அல்வா, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு, கத்தரிக்கோல் இருக்கின்றன. பவர் பேங்கில் சிக்கலில்லை. 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-மணி. அனுமதி கேட்காமல் கொண்டுபோகும் வரம்பு 100. ஆனால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் பெட்டி பாதி வழியில் நிறுத்தப்படும். விமானம் ஏறக் காத்திருப்பவரை அழைத்து அதைத் திறக்கச் சொல்வார்கள். அல்வா தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. இருந்தாலும் அடர்த்தியான கரிமக் கட்டியாகத் திரையில் தெரிவதால், சில வெடிபொருள்களின் தோற்றத்தோடு ஒத்துப்போகும். அதன் மேல் குத்துவிளக்கும் சேர்ந்தால் பை பக்கத்துப் பாதைக்குத் தள்ளப்படுவது ஏறக்குறைய உறுதி. அல்வாவையும் விளக்கையும் பையின் மேற்பகுதியில், ஒன்றையொன்று மறைக்காமல் வைத்தால் திறந்து பார்ப்பதும் நொடியில் முடியும். கத்தரிக்கோலுக்கு உரிய இடம் செக்-இன் பெட்டி.

ஒதுக்கப்பட்ட பையை உங்கள் முன்னிலையில்தான் திறப்பார்கள். அதனால் அங்கிருந்து நகராதீர்கள். சில சமயம் ஒரு துணித் துண்டால் பையைத் துடைத்து, வெடிபொருள் தடயம் காணும் கருவியில் வைப்பார்கள். உரம் பட்ட கையாலோ கிளிசரின் கலந்த கிரீமாலோ கூட அது ஒலிக்கலாம். பதற வேண்டாம், விவரத்தைச் சொல்லி மறுசோதனைக்குக் காத்திருங்கள்.

நம் ஊர்ப் பொருள்களில் அதிகம் மாட்டுவது தேங்காய். கைப்பையில் அதற்கு வழக்கமாக அனுமதியில்லை. சபரிமலைப் பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு 2024 அக்டோபரில் தனியாக, 2025 ஜனவரி 20 வரை விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. எண்ணெய் மிகுந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் செக்-இன் பெட்டியிலும் வைக்கக் கூடாது. வெளிநாட்டுப் பயணத்தில் ஊறுகாய், நெய், தைலம் எல்லாமே திரவக் கணக்குதான். ஒவ்வொரு டப்பாவும் 100 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். பாதி காலியான 200 மி.லி. பாட்டிலும் செல்லாது, டப்பாவின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். குழந்தைக்கான பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

பையை அனுப்பிவிட்டு நீங்கள் உலோகம் காணும் வாயில் வழியாக நடப்பீர்கள். அது ஒலிக்காவிட்டாலும் நம் நாட்டில் கையடக்கக் கருவியால் சோதனை உண்டு. பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரே சோதிக்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் அட்டையைக் காட்டி, கருவியை நெஞ்சருகே கொண்டுவராமல் கையால் சோதிக்கும்படி முதலிலேயே கேட்கலாம். மூட்டு மாற்றியவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாக்குவாதத்தைத் தவிர்க்கலாம்.

உள்நாட்டு விமானங்களின் செக்-இன் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், ஏறும் வாயில் 25 நிமிடம் முன்பும் மூடப்படுகிறது. சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாள்களில் விமானத்தில் ஏறும் இடத்திலேயே இரண்டாவது முறையாகக் கைப்பையைச் சோதிப்பதுண்டு. அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.