பிளவு மூளை: எதைப் பிளந்தார்கள், எதைப் பிளக்கவில்லை

‘ஸ்பிளிட் பிரெயின்’ என்பதை நாம் பெரும்பாலும் ‘பிளவு மூளை’ அல்லது ‘பிளவுபட்ட மூளை’ என்று எழுதுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் முதன்முறை படிப்பவர் தலைக்குள் தேங்காய் உடைத்தமாதிரி இரண்டு மூடி கிடப்பதாக நினைத்துக்கொள்வார். இன்னும் சிலர் இதை ஸ்கிசோஃப்ரினியாவோடு குழப்பிக்கொள்வார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நோயின் பெயரிலும் ‘பிளவு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

உண்மையில் வெட்டப்படுவது மூளை அல்ல, இணைப்பு. பெருமூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் சேர்க்கும் தடித்த நரம்புக் கற்றைக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். அதில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் இருக்கின்றன. லத்தீனில் ‘கார்பஸ்’ என்றால் உடல், ‘கலோசம்’ என்றால் தடித்து இறுகியது. உள்ளங்கையில் காய்த்துப்போகும் தோலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழில் ‘இணைப்புக் கற்றை’ என்றால் அது என்ன வேலை செய்கிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். அந்த வழியில் போனால் ‘ஸ்பிளிட் பிரெயின்’ என்பதற்கு ‘இணைப்பறுத்த மூளை’ என்பதே பொருத்தம். ‘அறுந்த’ அல்ல, ‘அறுத்த’. ஏனென்றால் அது தானாக அறுவதில்லை, மருத்துவர்கள் தெரிந்தே அறுக்கிறார்கள்.

ஏன் அறுத்தார்கள்? வலிப்பு நோய்க்காக. மூளையின் ஒரு பக்கத்தில் கிளம்பும் மின்கொந்தளிப்பு இந்தக் கற்றை வழியாக மறுபக்கத்துக்குப் பாய்கிறது. மருந்து கேட்காத நோயாளிகளுக்கு அந்த வழியை அடைத்துவிடலாம் என்று மருத்துவர் வில்லியம் வான் வேகனன் 1940 வாக்கில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இந்த அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். அந்த நோயாளிகளைப் பிறகு சோதித்தபோது பெரிய மாறுதல் எதுவும் தென்படவில்லை. நடந்தார்கள், பேசினார்கள், பழையபடியே இருந்தார்கள். அப்படியானால் இவ்வளவு பெரிய கற்றை எதற்கு என்பது புதிராகவே நின்றது.

சோதித்த முறையில்தான் குறை இருந்தது. 1950-களில் ரோஜர் ஸ்பெர்ரியும் ரொனால்டு மையர்ஸும் பூனைகளை வைத்து அதைக் காட்டினார்கள். 1962-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜோசப் போகனும் பிலிப் வோகலும் W.J. என்று ஆய்வேடுகளில் குறிக்கப்படும் முன்னாள் போர்வீரருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். ஸ்பெர்ரியின் மாணவர் மைக்கேல் கசானிகா அவரைச் சோதித்தார். இந்த ஆய்வுகளுக்காக ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோதனையின் சூட்சுமம் கண்ணில் இருக்கிறது. இடக்கண் பார்ப்பது வலப்பக்க மூளைக்குப் போகிறது என்று பலர் எழுதுகிறார்கள்; அது தவறு. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தினால், அந்தப் புள்ளிக்கு இடப்பக்கம் தெரிவதெல்லாம், எந்தக் கண் பார்த்தாலும் சரி, முதலில் வலது அரைக்கோளத்துக்குப் போகும். வலப்பக்கம் தெரிவது இடது அரைக்கோளத்துக்குப் போகும். ஆனால் நாம் கண்ணை அசைத்துக்கொண்டே இருப்பதால் எல்லாமே இரண்டு பக்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பழைய சோதனைகள் ஏமாந்தது இங்கேதான். அதனால் படத்தை ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டும் மின்னவிட்டு மறைத்தார்கள். கண் நகர்வதற்குள் படம் போய்விடும்.

இப்படிச் செய்த சோதனைகளில் மறக்க முடியாதது, கசானிகாவும் ஜோசப் லெடூவும் P.S. என்ற இளைஞரிடம் செய்து 1978-இல் வெளியிட்டது. அவருடைய இடது அரைக்கோளத்துக்கு ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். அதே நேரத்தில் வலது அரைக்கோளத்துக்குப் பனி மூடிய வீட்டைக் காட்டினார்கள். முன்னால் பரப்பியிருந்த படங்களில் பொருத்தமானதைத் தொடச் சொன்னார்கள். வலக்கை கோழியைத் தொட்டது. இடக்கை பனி அள்ளும் மண்வாரியைத் தொட்டது. வலக்கையைப் பெரும்பாலும் இடது அரைக்கோளமும் இடக்கையை வலது அரைக்கோளமும் இயக்குவதால் இரண்டும் சரியான விடைகளே.

அப்புறம்தான் சுவாரசியம். ஏன் இவற்றைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது பேச்சை வைத்திருக்கும் இடது அரைக்கோளம். அதற்குப் பனி தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தயங்காமல், கோழிக்கால் கோழிக்குப் பொருந்தும், கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தான் சொன்னதை நம்பியே சொன்னார். நடந்துவிட்ட செயலுக்குக் காரணம் கட்டிக் கொடுக்கும் இந்த வேலைக்குக் கசானிகா வைத்த ‘இன்டர்பிரெட்டர்’ என்ற பெயரை ‘உரைகாரர்’ என்று தமிழாக்கலாம்.

W.J.-இடம் இன்னொன்று தெரிந்தது. வண்ணக் கட்டைகளை ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து அடுக்கச் சொன்னால் அவருடைய இடக்கை எளிதாக முடித்தது. வலக்கை திணறியது. திணறும்போது இடக்கை நடுவில் வந்து உதவப் பார்த்தது.

இப்படிப் பேச்சும் இலக்கணமும் ஒரு பக்கமும், வடிவங்களைப் பொருத்துவது மறுபக்கமும் கூடுதலாகச் சாய்ந்திருப்பதை ‘ஹெமிஸ்ஃபெரிக் ஸ்பெஷலைசேஷன்’ என்கிறார்கள். ‘அரைக்கோளச் சிறப்பாக்கம்’ என்றும் மொழிபெயர்க்கலாம், ஆனால் ‘அரைக்கோள வேலைப் பங்கீடு’ என்பதே எனக்குப் பிடிக்கிறது. பங்கீடு என்றால் இருவரும் வேலை செய்கிறார்கள் என்பது உள்ளேயே இருக்கிறது. பேச்சிலும் அப்படித்தான். சொல்லைக் கோப்பது இடப்பக்கம் என்றாலும், குரலின் ஏற்ற இறக்கத்தையும் கேலியையும் புரிந்துகொள்ள வலப்பக்கம் வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்குப் பேச்சு இடப்பக்கம். இடக்கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படியே. இடக்கைக்காரர் என்றால் மூளை தலைகீழ் என்று சொல்வதில் உண்மை இல்லை.

இந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நீட்டலாம்? முழுமையாகச் சோதிக்கப்பட்ட நோயாளிகள் மிகச் சிலர். அவர்கள் எல்லோரும் பல ஆண்டுகள் வலிப்போடு வாழ்ந்தவர்கள், அவர்களுடைய மூளையின் அமைப்பே ஓரளவு மாறியிருக்கக்கூடும். கற்றையை அறுத்த பிறகும் மூளையின் அடிப்பகுதி இணைப்புகள் மிச்சமிருக்கும். தந்திரங்களும் உண்டு. வலது அரைக்கோளத்துக்குச் சிவப்பு விளக்கைக் காட்டி, சிவப்பா பச்சையா என்று கேட்டால் இடப்பக்கம் குருட்டுவாக்கில் ‘பச்சை’ என்று சொல்லும். அதைக் காதால் கேட்ட வலப்பக்கம் முகத்தைச் சுளிக்கும். சுளிப்பை உணர்ந்த இடப்பக்கம் ‘இல்லை, சிவப்பு’ என்று திருத்திக்கொள்ளும். இதைக் கவனிக்காத ஆய்வாளர், செய்தி கற்றை இல்லாமலே கடந்துவிட்டது என்று எழுதிவிடுவார். 2017-இல் யாயிர் பிண்டோ குழுவினர் இரு நோயாளிகளைச் சோதித்தபோது, பொருள் எந்தப் பக்கம் தோன்றினாலும் எந்தக் கையாலும் வாயாலும் அதன் இடத்தைச் சொல்ல முடிந்தது. இரு பக்கப் பொருள்களையும் ஒப்பிடத்தான் முடியவில்லை. ஆக, கற்றையை அறுத்தால் ஒரே தலையில் இரண்டு மனங்கள் உண்டாகும் என்ற பழைய முடிவும் இன்று சர்ச்சைக்குரியதே.

‘நான் இடது மூளைக்காரன், கணக்கு வரும், அவள் வலது மூளைக்காரி, ஓவியம் வரும்’ என்ற பேச்சுக்கு இந்த ஆய்வுகளில் இடமே இல்லை. கற்றை அறுபடாத நம் தலைக்குள் இரு பக்கமும் நொடிக்கு நொடி பேசிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு 2013-இல் 1,011 பேருடைய மூளைப் படங்களை அலசியது. சில வேலைகளின் வலைப்பின்னல்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஒரு பக்கம் முழுவதும் ஓங்கிய ஆட்கள் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தையின் ‘வலது மூளையைத் தூண்டுகிறோம்’ என்று கட்டணம் கேட்கும் வகுப்புகளிடம், தூண்டியது எது, அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதும்போது ‘இடது மூளை’, ‘வலது மூளை’ என்று தனித்தனியாகச் சொல்லாமல் ‘இடது அரைக்கோளம்’, ‘வலது அரைக்கோளம்’ என்றே எழுதலாம். ஆளைக் குறிக்கும் ‘இடது மூளைக்காரர்’ என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் தேட வேண்டியதில்லை. அப்படி ஓர் ஆள் இல்லை.