கருப்பட்டி மாசிக் கடைசி வரை கிடைக்காது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

எங்கள் கடையில் கருப்பட்டி தீர்ந்துவிட்டது. திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவிக்க வேண்டும் என்று வருகிறவர்களை வெறுங்கையுடன் அனுப்புவதில் எனக்கும் வருத்தமே. ஆனால், "பக்கத்துக் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது, நீங்கள் விலையேற்றப் பதுக்குகிறீர்கள்" என்று இந்த வாரம் ஒரு பெரியவர் கடை வாசலில் சத்தம் போட்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கருப்பட்டி ஆண்டு முழுவதும் காய்ச்சப்படுவதன்று. பனையில் பாளை வரும் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் பதநீர் ஓய்ந்துவிடும். ஒரு கிலோ காய்ச்ச ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். உடன்குடிப் பக்கம் எங்களுக்குக் காய்ச்சித் தருகிறவர்களிடமிருந்து ஆடிக்குள் 400 கிலோ வாங்கி இருப்பு வைத்தேன். வழக்கமாக அது தை வரை வரும். இம்முறை தீபாவளிக்கே பெரும்பகுதி போய்விட்டது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கசிந்த 40 கிலோவை விற்காமல் ஒதுக்கிவிட்டேன்.

அப்படியானால் கார்த்திகையில் புதுக் கருப்பட்டி எங்கிருந்து வருகிறது? சென்ற வாரம் ஒரு வியாபாரி, "நேற்றுக் காய்ச்சியது" என்று சொல்லி, ஆனியில் நான் கொடுத்த விலையில் பாதிக்குத் தர முன்வந்தார். பதநீர் ஓய்ந்த மாதத்தில் நேற்றுக் காய்ச்சியது எதுவாக இருக்கும்? சீனிப் பாகில் கொஞ்சம் பழைய கருப்பட்டியைக் கரைத்துச் சிரட்டையில் ஊற்றினால் வடிவமும் நிறமும் வந்துவிடும். உடைத்துப் பார்த்தேன், உட்புறம் சீனிபோல் மினுங்கியது, நாக்கில் வெறும் இனிப்பே நின்றது, பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் மெல்லிய கரிப்பு இல்லவே இல்லை. இவை சந்தேகிக்கப் போதும், தீர்ப்புச் சொல்லப் போதா. கருப்பட்டியிலும் பெரும்பங்கு இருப்பது சீனியில் உள்ள அதே சர்க்கரைதான் என்பதால், தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். மாதத்தையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள். அதுவே நல்ல சோதனை. (அதே காரணத்தால், கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.)

வீட்டில் மீதம் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்த பாலித்தீன் பையில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் படாத இடத்தில் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். இலேசாகக் கசிந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, அன்றே பயன்படுத்திவிடுங்கள். பூசணம் பிடித்ததை மட்டும் எறிந்துவிடுங்கள்.

கொழுக்கட்டைக்கு இந்த ஆண்டு மண்டை வெல்லம் போடுங்கள். சுவை மாறும்தான், ஆனால் வெல்லம் என்று சொல்லி வெல்லத்தையே தருகிறேன். புதுக் கருப்பட்டி மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வரும். வேண்டுவோர் கடை நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம், முன்பணம் வாங்குவதில்லை. முதல் சரக்கில் வீட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேட்காதீர்கள்.