செக்கில் ஆட்டினாலும் அது விதை எண்ணெய்தான்

குடியாத்தம் பக்கத்துச் செக்குக் கடைகளில், "விதை எண்ணெய் விஷமாமே" என்று பேசிக்கொண்டே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய் வாங்குகிறவர்களைப் பார்க்கலாம். போனில் வீடியோ பார்த்து, சூரியகாந்தி எண்ணெயைக் கைவிட்டவர்கள். மல்லாட்டையும் எள்ளும் விதை இல்லையா என்று கேட்டால், "இது செக்குங்க" என்பார்கள்.

வீடியோக்களில் குற்றவாளி லினோலெயிக் அமிலம் என்கிற ஒமேகா-6 கொழுப்பு. ஒரு குழம்புத் தாளிப்புக்கு 15 கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். சூரியகாந்தி எண்ணெயில் இந்த அமிலம் சுமார் 9 கிராம் இருக்கும், நல்லெண்ணெயில் 6, மல்லாட்டை எண்ணெயில் 4 அல்லது 5. செக்கோ ஆலையோ, இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இந்த அமிலம் உடலில் அராக்கிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உண்டாகும் என்பது வாதம். காகிதத்தில் பார்த்தால் வேதியியல் சரி. ஆனால் அந்த மாற்றத்தை உடல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. லினோலெயிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்த சோதனைகளில் ரத்தத்தில் அராக்கிடோனிக் அமிலம் ஏறவில்லை, அழற்சியின் அடையாளங்களும் கூடவில்லை. நெய், பாமாயில் போன்றவற்றுக்குப் பதில் இந்த எண்ணெய்களைப் பயன்படுத்தும்போது எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை சோள எண்ணெய் கொடுத்து நடந்த சோதனையில் கொலஸ்ட்ரால் குறைந்தது, இறப்பு குறையவில்லை. ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அந்த உணவில் ஓராண்டுகூட இருக்கவில்லை. மாரடைப்பைத் தடுக்க அது போதாது.

செக்கு எண்ணெய்க்கு மணமும் ருசியும் உண்டு, மறுக்கவில்லை. அதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விதான் வேறு: பருப்பு எப்படிப்பட்டது? மல்லாட்டை சரியாகக் காயாமல் மூட்டை கட்டப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். ஆலையில் காஸ்டிக் சோடா போன்ற காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்தப் படியே கிடையாது, எண்ணெய் தெளிந்திருப்பதால் நஞ்சு இல்லை என்றும் ஆகாது. அதனால் ஆட்டுவதற்கு முன் பருப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்தது, சுருங்கியது, வாயில் போட்டால் கசப்பது இதெல்லாம் கலந்திருந்தால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம் பஜ்ஜிக் கடாய். எந்த எண்ணெயானாலும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் சிதைந்து 'போலார்' சேர்மங்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் அளக்கக் கருவி வேண்டியதில்லை. எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, நுரை அடங்காமல் பொங்கி, முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.